அத்தியாயம் 6: பவர் பிரஸ் இரட்டை அடி அடித்தால் சூப்பர்வைசரிடம் சொல்வது எப்படி?

அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோவையிலோ ஏதாவது ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராகவோ ஹெல்பராகவோ வேலை செய்பவர்களுக்கான அத்தியாயம் இது. பெடலை ஒரு முறை மிதித்தால் ராம் ஒரு முறை இறங்கி ஏற வேண்டும். ஒரு முறை மிதித்து இரண்டு முறை இறங்கினால் அதுதான் இரட்டை அடி. முதல் அடி முடிந்ததும் அடித்த பீஸை எடுக்க உங்கள் கை டைக்குள் போகும். நிமிடத்துக்கு 60 அடி ஓடும் பிரஸ்ஸில் அடுத்த அடி விழ ஒரு நொடி போதும். விரல் போவது பெரும்பாலும் அந்த ஒரு நொடியில்தான்.

இந்தக் கோளாறில் இன்னொரு சிக்கல் உண்டு. அது எப்போதும் வராது. ஆயிரம் அடி ஒழுங்காக விழும், ஆயிரத்தோராவது அடியில் வரும். சூப்பர்வைசர் வந்து பார்க்கும்போது மெஷின் நன்றாகவே ஓடும். அதனால் “சார், அந்த பிரஸ்ல ஏதோ பிரச்சினை” என்று மட்டும் சொன்னால் வேலைக்கு ஆகாது. எந்த மெஷின், எத்தனை மணிக்கு, என்ன நிலையில் வந்தது, இப்போதைக்கு என்ன செய்யலாம் என்ற நான்கும் ஒரே மூச்சில் அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

தெரிந்திருக்க வேண்டியது

சின்ன, நடுத்தர ஷாப்புகளில் உள்ள பழைய மெக்கானிக்கல் பிரஸ்களில் பெரும்பாலும் கீ கிளட்ச் அல்லது பின் கிளட்ச்தான் இருக்கும். ஃப்ளைவீல் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் கீ ஃப்ளைவீலோடு கோத்துக்கொள்ளும், கிராங்க் ஒரு முழுச் சுற்று சுற்றும், உச்சிக்கு வந்ததும் கீ விடுபடும், பிரேக் ராமை அங்கேயே பிடித்து நிறுத்தும். கீயோ அதன் ஸ்பிரிங்கோ, கீயை விடுவிக்கும் லாட்ச்சோ தேய்ந்திருந்தால் கீ விடுபடாமல் அடுத்த சுற்றும் போய்விடும். பிரேக் லைனிங் தேய்ந்தாலோ அதில் எண்ணெய் இறங்கினாலோ ராம் உச்சியில் நிற்காமல் கொஞ்சம் தாண்டிப் போகும்.

இந்த வகை கிளட்ச்சில் ஒரு சுற்று தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்த வழியில்லை. சிவப்புப் பட்டனை அழுத்தினாலும் அந்த அடி விழுந்தே தீரும். இதை மனதில் வையுங்கள். தற்காலிக ஏற்பாட்டைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

முதல் சில நிமிடங்கள்: சொல்வதற்கு முன்பு

1. கையை எடுங்கள், காலைப் பெடலிலிருந்து எடுங்கள். டைக்குள் பீஸ் மாட்டியிருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். பக்கத்தில் ஸ்கிராப் எடுக்கும் ஹெல்பரிடமும் “கையை விடாதே” என்று உரக்கச் சொல்லுங்கள்.

2. மோட்டாரை நிறுத்துங்கள், மெயின் ஐசொலேட்டரையும் ஆஃப் செய்யுங்கள்.

3. ஃப்ளைவீல் தானாக நிற்கும்வரை காத்திருங்கள். கரண்ட் போன பிறகும் அது சில நிமிடம் சுற்றும். அந்த நேரத்தில் யாராவது தெரியாமல் பெடலை மிதித்தால் முழு அடியும் விழும். கட்டையையோ துணியையோ வைத்து ஃப்ளைவீலை நிறுத்தப் பார்க்காதீர்கள்.

4. கடிகாரத்தைப் பாருங்கள். மெஷினில் அடி எண்ணும் கவுன்டர் இருந்தால் அதையும் பாருங்கள். இரண்டையும் ஒரு துண்டுச் சீட்டிலோ செல்போனிலோ அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து யோசித்தால் “ஏழரை, எட்டு இருக்கும்” என்றுதான் வாயில் வரும்.

5. ஐசொலேட்டரில் ‘ஓட்டாதே’ டேக் மாட்டுங்கள். பூட்டுப் போட உங்களுக்கு அனுமதி இருந்தால் பூட்டிச் சாவியை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு இல்லையென்றால் ஒருவரை மெஷின் பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் சூப்பர்வைசரிடம் போக வேண்டும்.

*கவனம்:* “நிஜமாகவே இரண்டு தடவை அடித்ததா?” என்று சந்தேகம் தீர்த்துக்கொள்ள இன்னொரு முறை மிதித்துப் பார்க்காதீர்கள். கிளட்ச் கவரைத் திறந்து பார்க்கும் வேலையும் உங்களுடையது அல்ல. அனுபவமுள்ள ஆபரேட்டர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பிரேக் நட்டை ஸ்பேனரால் அரைச் சுற்று இறுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்துவிடுவார்கள். ராம் அன்றைக்கு உச்சியில் நிற்கும். தேய்ந்த கீ அப்படியே இருக்கும். ஃபிட்டர் வந்து பார்க்கும்போது என்ன கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டிய அடையாளமும் போயிருக்கும்.

எங்கே: மெஷினோடு நிறுத்தாதீர்கள்

ஷாப்பில் எல்லோரும் ‘பச்சை பிரஸ்’, ‘பழைய ஐம்பது டன்’ என்று கூப்பிடுவது பேச்சுக்குச் சரி. புகாருக்குச் சரிவராது. ஒரே வரிசையில் மூன்று ஐம்பது டன் பிரஸ் நின்றால், ஃபிட்டர் இரவு நேரத்தில் எதைத் திறப்பார்? நல்ல மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, கெட்ட மெஷினை “சரியாத்தான் இருக்கு” என்று எழுதிவிட்டுப் போக வாய்ப்புண்டு.

இடத்தை வெளியிலிருந்து உள்ளே வரும் வரிசையில் சொல்லுங்கள். முதலில் ஷெட், லைன். அடுத்து மெஷினில் ஒட்டியிருக்கும் எண். கடைசியாக மெஷினில் எந்தப் பக்கம், எந்த உறுப்பு. “பி லைன், பி-3, பிரேக் பக்கம்” என்றால் போதும். எந்த உறுப்பு என்று தெரியாவிட்டால் நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: “ராம் உச்சியில நிக்கலை.”

யார் கை அருகில் இருந்தது என்பதும் இடத்தில் அடக்கம். பீஸைக் கையால் வைத்து எடுக்கிறீர்களா, பின்பக்கம் ஸ்கிராப் எடுக்க இன்னொருவர் நிற்கிறாரா? இரண்டு பேர் கை போகும் மெஷின் என்றால் அதைச் சொல்லுங்கள். சூப்பர்வைசர் மேஜையில் இருக்கும் வேலைத் தாளில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கும், ஹெல்பரின் பெயர் இருக்காது.

எப்போது: மணி மட்டும் போதாது

இந்தக் கோளாறில் நேரம்தான் முக்கியமான சாட்சி. பிரேக் லைனிங் ஆறியிருக்கும்போது நன்றாகப் பிடிக்கும். தொடர்ந்து ஓடிச் சூடேறினால் பிடி தளரும். தாங்கியிலிருந்து கசியும் எண்ணெயும் ஓட ஓடத்தான் லைனிங்குக்கு வந்து சேரும். காலையில் ஷிப்ட் தொடங்கும்போது ஒரு குறையும் தெரியாத மெஷின், டீ இடைவேளைக்கு முன்னால் தடுமாறத் தொடங்குவது இதனால்தான். ஆகவே மணியோடு இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்:

1. அப்போது மெஷின் எவ்வளவு நேரமாகத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது?
2. எந்த டை, எந்த வேலை?
3. இதற்கு முன்னால் ஏதாவது தெரிந்ததா? என்றைக்கு?

மூன்றாவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பிரேக் கெடுவதால் வரும் இரட்டை அடிக்குப் பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்கும். ராம் எப்போதும் நிற்கும் இடத்தைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். நின்ற பிறகு மெல்லக் கீழே நழுவும். அடி முடிந்ததும் கேட்கும் ‘டக்’ ஓசை ஒரு நாள் மாறியிருக்கும். கருகிய வாடையும் வரலாம். ராமின் பக்கவாட்டிலும் கைடிலும் நேராக ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வைத்தால் நழுவல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மோட்டார் நின்று, ஃப்ளைவீலும் நின்று, ராம் உச்சியில் இருக்கும்போது அந்தக் கோட்டைப் போட வேண்டும். அடுத்த நாள் இரண்டு கோடும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கவில்லை என்றால், இரட்டை அடிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லிவிடலாம்.

*குறிப்பு:* பார்த்ததையும் நினைப்பதையும் கலக்காதீர்கள். “ராம் ரெண்டு தடவை இறங்குச்சு” என்பது பார்த்தது. “கீ போயிடுச்சுன்னு நினைக்கிறேன்” என்பது ஊகம். ஊகத்தைச் சொல்வதில் தவறில்லை, அதை ஊகமாகவே சொல்லுங்கள். உறுதியாகச் சொல்லிவிட்டால், ஃபிட்டர் கீயை மட்டும் மாற்றிவிட்டு பிரேக்கைப் பார்க்காமல் விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது.

இப்போதைக்கு என்ன: யோசனையோடு போங்கள்

புகாரோடு மட்டும் போனால் சூப்பர்வைசர் மனதில் முதலில் ஓடுவது அன்றைய உற்பத்திக் கணக்குதான். அதில் தப்பில்லை, அவர் வேலை அது. நீங்களே ஒரு ஏற்பாட்டோடு போனால் அவர் ‘சரி’ என்று சொல்வது சுலபமாகிவிடும். அந்த ஏற்பாடு உடனே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். மேலிடத்தைக் கேட்காமல் அவரே முடிவெடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எதுவரை என்ற எல்லையும் அதற்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாருடைய கவனத்தையும் நம்பி அது நிற்கக் கூடாது.

பலர் சொல்லும் யோசனைகளில் சில இந்தக் கோளாறுக்கு உதவாதவை. ஏன் உதவாது என்று தெரிந்திருந்தால்தான் சூப்பர்வைசரே அதைச் சொல்லும்போது நீங்கள் பதில் சொல்ல முடியும்.

“கவனமா ஓட்டுறேன்” என்பது ஒரு ஏற்பாடே அல்ல. ஒரு நொடிக்குள் வரும் அடியைக் கவனத்தால் தவிர்க்க முடியாது.

“பெடல் வேண்டாம், இரண்டு கை பட்டன்ல ஓட்டு” என்பது கேட்க நியாயமாக இருக்கும். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் அடி விழும் என்பது நீங்களாகக் கொடுக்கும் அடிக்கு மட்டும் பொருந்தும். இரண்டாவது அடியை யாரும் கொடுப்பதில்லை. கீ விடுபடாததால் அது தானாக விழுகிறது. அந்த நேரத்தில் இரண்டு கையும் பட்டனை விட்டு டைக்குள் போயிருக்கும்.

“லைட் கர்ட்டன் போடலாம்” என்பதும் இந்த மெஷினுக்குப் பொருந்தாது. கை குறுக்கே போனால் மெஷினை நிறுத்தச் சொல்லி சிக்னல் கொடுப்பதுதான் அதன் வேலை. பாதியில் நிறுத்தவே முடியாத கிளட்ச்சுக்கு அந்த சிக்னலால் பயனில்லை. ஏர் கிளட்ச் உள்ள பிரஸ்ஸுக்குத்தான் அது சரி.

“இடுக்கியால பீஸை எடு” என்பது இவற்றைவிடக் கொஞ்சம் மேல். கை வெளியே இருக்கும். ஆனால் அவசரத்தில் பீஸ் ஒட்டிக்கொண்டால் கை உள்ளே போய்விடும் என்பது ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். கோளாறு உறுதியான மெஷினை ஓட்டுவதற்கு இடுக்கியைக் காரணமாகக் காட்டக் கூடாது.

மிஞ்சுவது ஒன்றுதான். கிளட்ச்சையும் பிரேக்கையும் ஃபிட்டர் பார்த்து முடிக்கும்வரை மெஷின் நிற்க வேண்டும், வேலை வேறு மெஷினுக்குப் போக வேண்டும். இதை வெறுமனே “நிறுத்திடுங்க சார்” என்று சொல்லாமல், வேலை எங்கே போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த பிரஸ் எப்போது காலியாகும், டன் போதுமா என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஷட் ஹைட் பொருந்துமா என்பதை டை செட்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். டையை ஏற்றுவது அவர் வேலை, நீங்கள் தொட வேண்டாம். அதுவரை உங்கள் கைக்கு என்ன வேலை என்பதையும் சொன்னால் பேச்சு நீளாது.

ஒரு உதாரணம்

இரண்டாம் ஷிப்ட். பி-3 பிரஸ்ஸில் பிராக்கெட் வேலை. மாலை 5.30-லிருந்து இடைவேளை இல்லாமல் ஓடியிருக்கிறது. 7.40-க்கு ராம் இரண்டு முறை இறங்கியது. கை உள்ளே போகவில்லை. ஆபரேட்டர் மேலே சொன்ன ஐந்து படிகளையும் முடித்துவிட்டு, ஹெல்பரை மெஷின் பக்கத்தில் நிறுத்திவிட்டு சூப்பர்வைசரிடம் போகிறார். இப்படிச் சொல்கிறார்:

“சார், பி லைன்ல பி-3 இரட்டை அடி அடிச்சுது. மணி 7.40. ஒரு தடவைதான் மிதிச்சேன், ராம் ரெண்டு தடவை இறங்குச்சு. யாருக்கும் அடிபடலை. மெயின் ஆஃப் பண்ணி டேக் மாட்டிட்டேன், ஹெல்பர் பக்கத்துல நிக்கிறாரு. ரெண்டு மணி நேரமா நிக்காம ஓடிட்டு இருந்துச்சு சார். நேத்தும் ராம் கொஞ்சம் தாண்டி நின்னுச்சு. ஃபிட்டர் கிளட்ச், பிரேக் ரெண்டையும் பார்க்கிற வரைக்கும் அதை ஓட்ட வேண்டாம். பி-5-ல ஓடுற வேலை எட்டரைக்கு முடிஞ்சிடும். இந்த டை அதுல ஏறுமான்னு டை செட்டரைக் கேட்டுடலாம் சார். அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் அடிச்ச பீஸுக்குப் பிசிர் எடுத்துடுறோம்.”

நிறுத்தாமல் சொன்னால் ஒரு நிமிடம்கூட ஆகாது. ‘யாருக்கும் அடிபடலை’ என்பது முன்னாலேயே வருவதைக் கவனியுங்கள். அதைக் கேட்கும்வரை சூப்பர்வைசருக்கு மற்ற எதுவும் காதில் ஏறாது. ‘நேத்தும் தாண்டி நின்னுச்சு’ என்பதை மறைக்கத் தோன்றும். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று திட்டு விழலாம். திட்டு விழுந்தாலும் சொல்லுங்கள், ஃபிட்டருக்கு பிரேக்கைக் காட்டிக் கொடுப்பது அந்தத் தகவல்தான்.

வாயால் சொன்ன கையோடு எழுத்திலும் கொடுங்கள். மெஷின் பழுதுப் பதிவேடு இருந்தால் அதில், இல்லையென்றால் ஒரு தாளில் எழுதி அதை போட்டோ எடுத்து ஷிப்ட் குரூப்பில் போடுங்கள். நீளமாக எழுத வேண்டியதில்லை:

> இடம்: பி லைன், பி-3 (50 டன்). ஆபரேட்டர் 1, ஹெல்பர் 1.
> நேரம்: இரண்டாம் ஷிப்ட், மாலை 7.40. 5.30 முதல் தொடர்ந்து ஓட்டம்.
> நடந்தது: பெடல் ஒரு முறை, அடி இரண்டு. காயம் இல்லை. முந்தைய நாள் ராம் உச்சியைத் தாண்டி நின்றது.
> செய்தது: மோட்டார், மெயின் ஆஃப். டேக் மாட்டப்பட்டது. டைக்குள் பீஸ் உள்ளது, எடுக்கவில்லை.
> யோசனை: கிளட்ச், பிரேக் பார்த்து முடியும்வரை ஓட்ட வேண்டாம். டை ஏறினால் 8.30-க்குப் பிறகு பி-5.
> சொன்னது: சூப்பர்வைசரிடம், 7.50.

‘டைக்குள் பீஸ் உள்ளது’ என்ற வரி ஃபிட்டருக்காக எழுதப்படுவது. அது தெரியாமல் அவர் கையை உள்ளே விடக் கூடாது. ராமுக்குக் கீழே சேஃப்டி பிளாக் வைத்த பிறகுதான் அந்தப் பீஸை எடுக்க வேண்டும்.

“நான் போட்டுப் பார்த்தேன், நல்லாத்தானே ஓடுது?”

இந்தப் பதிலை எதிர்பார்த்தே போங்கள். சூப்பர்வைசர் பொய் சொல்லவில்லை, அவர் அடித்த பத்து அடியும் ஒழுங்காகத்தான் விழுந்திருக்கும். வாதாட வேண்டாம், நேரத்தைக் காட்டுங்கள்: “சார், அப்போ ரெண்டு மணி நேரம் ஓடிச் சூடா இருந்துச்சு. இப்போ முக்கால் மணி நேரமா நின்னு ஆறியிருக்கு.” நீங்கள் எழுதி வைத்த 5.30-ம் 7.40-ம் இங்கேதான் கைகொடுக்கும்.

“இந்த லோடு மட்டும் முடிச்சிடு” என்றால், முடியாது என்பதை மரியாதையாக, காரணத்தோடு சொல்லுங்கள்: “கை உள்ள போற வேலை சார், அதுல கை வைக்க முடியாது. வேற எந்த மெஷின் கொடுத்தாலும் ஓட்டுறேன்.” அதற்கும் பலனில்லை என்றால் ஷிப்ட் இன்சார்ஜ், மெயின்டனன்ஸ் பொறுப்பாளர், பாதுகாப்பு அலுவலர் அல்லது பாதுகாப்புக் கமிட்டியில் உள்ள தொழிலாளர் பிரதிநிதி என்ற வரிசையில் போங்கள். யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்பதை அதே தாளில் கீழே எழுதிக்கொண்டே வாருங்கள். உள்ளே எங்கும் கேட்கவில்லை என்றால், தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளைச் சோதிக்கும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதலாம். அப்போது அந்தத் தாளே உங்கள் மனு.

ஷிப்ட் மாறும்போது

பகலில் டேக் மாட்டிய மெஷின் இரவில் ஓடிவிடுவதுண்டு. அடுத்த ஷிப்டுக்கு வருபவருக்கு டார்கெட் மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

1. உங்கள் மெஷினுக்கு வருபவரை மெஷின் முன்னாலேயே நிறுத்தி, டேக்கைக் கையால் காட்டிச் சொல்லுங்கள். கேட்டில் பார்க்கும்போது சொல்லிவிட்டுப் போவது போதாது.

2. டேக்கில் தேதி, மணி, உங்கள் பெயர், காரணம் நான்கும் இருக்கட்டும். வெறும் ‘பழுது’ என்று எழுதினால் ஏதோ சின்ன வேலை என்று நினைத்துக் கழற்றிவிடுவார்கள். ‘இரட்டை அடி, கை வைக்காதே’ என்று எழுதுங்கள்.

3. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இன்று பிரஸ் ஷாப்புகளில் நிறைய வேலை செய்கிறார்கள். தமிழ் டேக் அவர்களுக்கு வெறும் அட்டை. கையைக் குறுக்காக அடித்த படம் ஒன்று வரைந்துவிடுங்கள். அவர்களில் ஒருவரை அழைத்து அவர் மொழியிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

4. பூட்டுப் போட்டிருந்தால் சாவியை யாரிடமும் ‘பார்த்துக்க’ என்று கொடுக்காதீர்கள். சூப்பர்வைசர் முன்னிலையில், பதிவேட்டில் எழுதித்தான் கை மாற வேண்டும்.

மறுபடி ஓட்டுவதற்கு முன்

ஃபிட்டர் “முடிஞ்சுது” என்றதும் பெடலில் கால் வைக்காதீர்கள். எந்த உறுப்பை மாற்றினார் என்று கேளுங்கள். நட்டை மட்டும் இறுக்கியிருந்தால், கீ, ஸ்பிரிங், லாட்ச், லைனிங் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தாரா என்று கேட்பது உங்கள் உரிமை. பிறகு யாரும் டைக்குள் கை விடாமல் மெஷினை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட ஓட்டம் போதாது. கோளாறு இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு வந்ததென்றால், மெஷின் அந்த அளவு சூடேறும்வரை சோதனை நடக்க வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ராம் ஒரே இடத்தில், சாக்பீஸ் கோட்டுக்கு நேராக நிற்கிறதா என்று நீங்களும் கூடவே பாருங்கள்.

சரியாக நின்றால், என்ன மாற்றப்பட்டது, எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தார்கள் என்பதைப் பதிவேட்டில் நீங்கள் எழுதிய அதே பதிவுக்குக் கீழே ஃபிட்டர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு டேக்கை மாட்டியவரே கழற்றலாம்.